கையெழுத்துக்குக் கீழே இருந்த எண்: பெருந்துறைத் துணை நிறுவனத் தணிக்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

துணை நிறுவனத்தின் தணிக்கை அறிக்கை கைக்கு வந்ததும் தாய் நிறுவனத்தைப் பார்க்கும் தலைமை ஆடிட்டர் முதலில் தேடுவது குவாலிஃபிகேஷன், அதாவது கணக்கைப் பற்றிய ஆட்சேபக் குறிப்பு, ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் எண்களை எடுத்துத் தொகுப்புக் கணக்கில் சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். கீழே கையெழுத்துப் போட்டவர் இன்றைய தேதியில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. அதுவும் அவர் இருபது வருஷப் பழக்கம் என்றால் பார்க்கத் தோன்றுவதே இல்லை. அப்படிப் பார்க்க நேர்ந்து, பார்த்ததை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டி வந்த ஓர் ஆடிட்டரைப் பற்றியது இது. ஆடிட்டரிடம் தொழில் பழகும் ஆர்ட்டிகிள் பிள்ளைகளோடு உட்கார்ந்து விவாதிப்பதற்காக நான் அமைத்த நிகழ்வு. ஆட்களும் கம்பெனிகளும் கற்பனை. சட்டப் பிரிவுகளும் கெடுக்களும் 2024இல் இருந்தபடியே.

பின்னணி

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அதற்கு முழுச் சொந்தமான துணை நிறுவனம் ஒன்று பெருந்துறை சிப்காட்டில் சாய ஆலை நடத்துகிறது. சாய ஆலையின் 2023-24 விற்றுமுதல் 22 கோடி ரூபாய், அதில் பெரும்பகுதி வெளியாருக்குச் செய்யும் ஜாப் ஒர்க். இயந்திரங்களும் டெர்ம் லோனும் குழுமக் கணக்கில் கண்ணில் படும் அளவுக்குப் பெரியவை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 129(3)இன்படி தாய் நிறுவனம் இரண்டையும் சேர்த்துத் தொகுப்புக் கணக்கு போட வேண்டும்.

தாய் நிறுவனத்துக்குத் திருப்பூர்க்காரர் ஒருவர் ஆடிட்டர். சாய ஆலைக்கு ஈரோட்டுக்காரர், தனி ஆளாகப் பிராக்டிஸ் செய்பவர். திருப்பூர்க்காரர் கோயம்புத்தூரில் ஆர்ட்டிகிளாக இருந்த காலத்தில் அதே ஆபீஸில் இவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர்தான் அந்த ஈரோட்டுக்காரர். இன்றைக்கும் "அண்ணா"தான். சாய ஆலைக்கு அவரைப் பரிந்துரைத்ததும் இவரே.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. வேறொரு ஆடிட்டரின் வேலையை நம்பி அறிக்கை கொடுப்பதற்கான நம் தரநிலை எஸ்.ஏ. 600. மற்ற ஆடிட்டர் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்களின் அமைப்பான இன்ஸ்டிடியூட்டின் உறுப்பினராக இல்லாவிட்டால்தான் அவருடைய தொழில்திறமையைத் தலைமை ஆடிட்டர் எடைபோட வேண்டும் என்கிறது அது. உறுப்பினர் என்றால் அந்த ஒன்றே போதுமான அடையாளம். சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டிய சூழ்நிலை எதுவும் இல்லாதவரை அவர் வேலைக்கு நாம் பொறுப்பில்லை என்றும் அதே தரநிலை சொல்கிறது. ஆக, பதிவேட்டில் பெயர் இருப்பது என்ற ஒற்றைத் தூணின்மேல்தான் மொத்த நம்பிக்கையும் நிற்கிறது. தூண் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

கண்ணில் பட்டது

2024 செப்டம்பர் இரண்டாம் வாரம். சாய ஆலையின் அறிக்கை வந்திருந்தது. தேதி 28 மே 2024. கையெழுத்தும் முத்திரையும் அண்ணாவுடையவை. குவாலிஃபிகேஷன் இல்லை. திருப்பூர் ஆபீஸில் ஓர் ஆர்ட்டிகிள் பெண், செக்லிஸ்ட்டில் இருந்ததால், அறிக்கையில் இருந்த யூடினைச் சரிபார்க்க உட்கார்ந்தாள்.

யூடின் என்பது நாம் கையெழுத்திடும் ஒவ்வொரு அறிக்கைக்கும் சான்றுக்கும் இன்ஸ்டிடியூட்டின் தளத்தில் எடுக்க வேண்டிய 18 இலக்க எண். சான்றுகளுக்கு 2019 பிப்ரவரியிலும், ஜி.எஸ்.டி., வருமான வரித் தணிக்கை அறிக்கைகளுக்கு அந்த ஏப்ரலிலும், மற்ற தணிக்கைகளுக்கு அந்த ஜூலையிலும் கட்டாயமானது. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த ஆறும் கையெழுத்திட்டவரின் உறுப்பினர் எண். மீதிப் பத்தும் தளம் தானாகக் கொடுப்பவை. யாரும் `udin.icai.org` தளத்துக்குப் போய் எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்க்கலாம்.

யூடின் செல்லுபடியாகத்தான் காட்டியது. தளத்தில் இருந்த விற்றுமுதல், பங்குதாரர் நிதி, நெட் பிளாக் மூன்றும் பேலன்ஸ் ஷீட்டோடு பொருந்தின. அந்தப் பெண் அதோடு டிக் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நடுவில் இருந்த ஆறு இலக்கத்தையும் கையெழுத்துக்குக் கீழே இருந்த உறுப்பினர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் வேறு வேறு. "சார், நம்பர் தப்பா டைப் ஆயிருக்குங்களா?" என்று கேட்டபடி அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தாள்.

டைப்பிங் பிழையாக இருக்க வழியில்லை. ஓர் இலக்கம் மாறியிருந்தால் தளம் அந்த யூடினை ஏற்றிருக்காது. அந்த ஆறு இலக்கத்தை இன்ஸ்டிடியூட்டின் உறுப்பினர் தேடலில் போட்டபோது நாமக்கல்லில் பிராக்டிஸ் செய்யும் ஓர் இளைஞரின் பெயர் வந்தது. அண்ணாவிடம் ஆர்ட்டிகிள் முடித்தவர். இன்னொன்றும் கவனத்தில் பட்டது. அறிக்கையின் தேதி மே 28, தளத்தில் அந்த ஆவணத்தின் தேதி ஆகஸ்ட் 30. கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் யூடின் எடுத்துவிட வேண்டும். மே 28க்கு அந்தக் கெடு ஜூலை 27ஓடு முடிந்துவிட்டது. செப்டம்பரில் எடுக்க வேண்டுமானால் பக்கத்தில் உள்ள ஒரு தேதியைப் போட்டால்தான் ஆகும். காகிதத்தில் ஒரு தேதியும் தளத்தில் ஒரு தேதியும் இருப்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடைப்பது கடினம்.

அதற்குப் பிறகுதான் திருப்பூர்க்காரர் அண்ணாவின் எண்ணையே தேடலில் போட்டார். பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் உத்தரவு, 10 ஜூன் 2024 முதல் ஆறு மாதம். புத்தகங்களைப் பார்க்காமல் ஒரு வியாபாரிக்கு நெட் ஒர்த் சான்று கொடுத்தார் என்பது பல வருஷம் முந்தைய குற்றச்சாட்டு. உத்தரவு இன்ஸ்டிடியூட்டின் தளத்திலேயே இருந்தது. பார்த்தவர்தான் இல்லை.

அவசரப்படாமல் பார்க்க வேண்டியவை

இந்த இடத்தில் திருப்பூர்க்காரர் செய்த ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் உடனே போனை எடுக்கவில்லை. யூடின் சரிபார்ப்புப் பக்கம், உறுப்பினர் நிலைப் பக்கம், உத்தரவின் நகல் மூன்றையும் நேரத்தோடு சேமித்துக் கோப்பில் வைத்தார். பிறகு, தான் பார்த்ததற்கு வேறு அர்த்தம் இருக்க முடியுமா என்று தேடினார்.

பெயர் நீக்கம் எல்லாமே ஒழுங்கு நடவடிக்கை அல்ல. ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினாலும் பெயரும் பிராக்டிஸ் சான்றும் போகும். கட்டினால் மீட்டெடுக்க விதிகளில் வழி உண்டு. அது மறதி, இது தண்டனை. இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பது அநியாயம். இங்கே உத்தரவு கையில் இருந்ததால் அந்தக் கேள்வி தீர்ந்தது. இரண்டாவது, மேல்முறையீட்டில் தடை கிடைத்திருக்கலாம். தடை இருந்தால் நீக்கம் நடைமுறையில் நின்றுவிடும். அதை அண்ணாவிடம்தான் கேட்க முடியும். மூன்றாவதுதான் முக்கியம்: மே 28 அன்று அவர் உண்மையிலேயே கையெழுத்திட்டிருந்தால் அன்றைக்கு அவர் உறுப்பினர். அந்த அறிக்கை செல்லும். யூடின் குளறுபடி தனிக் குற்றமாக இருக்கும், அறிக்கை குலையாது.

ஆகவே கேள்வி, கையெழுத்து எப்போது விழுந்தது என்பதில் வந்து நின்றது. காகிதத்தில் உள்ள தேதியை யாராலும் எப்படியும் எழுத முடியும். ஆனால் அறிக்கையோடு இணைந்த நிதிநிலைக் குறிப்புகள் அவ்வளவு எளிதாகப் பொய் சொல்லாது. திருப்பூர்க்காரர் குறிப்புகளை வரிவரியாகப் படித்தார். பதினேழாவது குறிப்பில் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கான கூடுதல் கட்டணம் 31 லட்சம் ரூபாய்க்கு ஒதுக்கீடு செய்யப்பட்டிருந்தது. 2023-24ஆம் ஆண்டின் பங்கு, அதற்கான பில் 18 ஜூன் 2024 தேதியிட்டது என்று குறிப்பே சொன்னது. ஆண்டு முடிந்த பிறகு வந்த பில்லைப் பழைய ஆண்டுக் கணக்கில் ஏற்றியது கணக்கியல்படி சரி. ஆனால் ஜூன் 18இல் வந்த பில்லைப் பற்றி மே 28இல் கையெழுத்தான கணக்கு பேச முடியாது. அண்ணாவின் பெயர் நீங்கியது ஜூன் 10.

அறிக்கையில் முந்தைய தேதி போடப்பட்டிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கையெழுத்தை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. அறிக்கைத் தேதிக்குப் பின்னால்தான் தெரியவந்திருக்கக் கூடிய ஒரு தகவல் கணக்குக்குள் இருக்கிறதா என்று தேட வேண்டும். வங்கி உறுதிக் கடிதத்தின் தேதி, பாக்கிதாரர் பதில் வந்த நாள், இயக்குநர் குழுத் தீர்மானம் எல்லாம் அந்த வகைதான்.

ஈரோட்டில்

"அண்ணா, ஒரு விசயமுங்க. போன்ல வேண்டாம், நேர்ல வரட்டுங்களா?"

"வா தம்பி. ஆபீஸ்லதான் இருக்கேன்."

உட்கார்ந்ததும் பேச்சைச் சுற்றி வளைக்காமல் உத்தரவின் நகலை மேசைமேல் வைத்தார். அண்ணா மறுக்கவில்லை. மேல்முறையீடு போட்டிருப்பதாகச் சொன்னார்.

"தடை உத்தரவு வாங்கியிருக்கீங்களாண்ணா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நீக்கம் நடப்புலதானுங்க இருக்குது."

"கையெழுத்து மே மாசமே போட்டாச்சு தம்பி. யூடின் எடுக்கத்தான் தாமசமாயிருச்சு. பையன்கிட்டச் சொன்னேன், எடுத்துக் குடுத்தான்."

திருப்பூர்க்காரர் பதினேழாவது குறிப்பைத் திருப்பிக் காட்டினார். அண்ணா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வேலையில ஒரு குறையும் வெக்கல தம்பி. நீ வேணா பேப்பரை எல்லாம் எடுத்துப் பாரு. ஆறு மாசந்தானே, டிசம்பர்ல முடிஞ்சுரும். அதுக்குள்ள ஏழு கம்பெனியையும் வுட்டுட்டா நான் மறுக்கா எந்திரிக்க முடியாது."

வேலையில் குறை இல்லை என்றது உண்மையாகவே இருந்தது. வேலைத்தாள்கள் ஒழுங்காக இருந்தன. இந்த நிகழ்வில் என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். ஏமாற்றுக்காரரின் அறிக்கை என்றால் முடிவு எளிது. இங்கே நேர்த்தியான தணிக்கை ஒன்றின்கீழ் உரிமையில்லாத கையெழுத்து இருந்தது. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் 1949, பிரிவு 26இன்படி, உறுப்பினர் அல்லாத எவரும் பிராக்டிஸில் உள்ள ஆடிட்டர் சார்பில் தொழில்முறை ஆவணத்தில் கையெழுத்திட முடியாது. கம்பெனிகள் சட்டம் 141(1)இன்படி சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் மட்டுமே ஆடிட்டராக இருக்க முடியும். வேலை நன்றாக இருந்தது என்பதற்கு இரண்டு இடத்திலும் விலக்கு இல்லை.

அண்ணா ஒரு வழி சொன்னார். நாமக்கல் பையன் தன் பெயரிலேயே புதிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடட்டும். அதுவும் நடக்காது. அந்த இளைஞரைச் சாய ஆலை ஆடிட்டராக நியமிக்கவில்லை. தானோ தன் பார்ட்னரோ ஊழியரோ பிராக்டிஸில் உள்ள வேறு ஆடிட்டரோ செய்யாத பரிசோதனைக்குத் தன் பெயரில் அறிக்கை கொடுப்பது சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பகுதி ஒன்று, இரண்டாவது உட்பிரிவின்கீழ் தொழில் ஒழுங்கீனம். கோணலாகிவிட்ட ஒரு கையெழுத்தை இன்னொன்றால் நிமிர்த்தப் பார்த்தால் இரண்டு பேருமே மாட்டுவார்கள்.

ஒரு கேள்வி அல்ல, இரண்டு

அன்று இரவு திருப்பூர்க்காரர் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி, "அண்ணாமேல புகார் பண்றதா, வேண்டாமா?" என்பது. பெரும்பாலோர் இப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இதில் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. பிரித்துவிட்டால் முதலாவதில் தேர்வுக்கே இடமில்லை என்பது தெரியும்.

முதலாவது, கட்சிக்காரருக்குச் சொல்வது. தாய் நிறுவனத்தின் தொகுப்புக் கணக்குக்கு அறிக்கை கொடுக்கப் போகிறவர் இவர். துணை நிறுவனத்தின் அறிக்கை செல்லாது என்று தெரிந்த நிமிஷத்தில் எஸ்.ஏ. 600 தந்த பாதுகாப்பு போய்விட்டது. சந்தேகத்தைக் கிளப்பும் சூழ்நிலை இப்போது இவருடைய கோப்பிலேயே இருக்கிறது. இதற்குமேல் மௌனமாக இருந்து, "துணை நிறுவனத்தை வேறொரு ஆடிட்டர் தணிக்கை செய்துள்ளார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது அண்ணாவைக் காப்பாற்றும் செயலே அல்ல. இவருடைய பொய்யான அறிக்கை அது. ஆகவே தாய் நிறுவனத்துக்கும், அதன்வழி சாய ஆலையின் இயக்குநர் குழுவுக்கும் சொல்லியே ஆக வேண்டும். ரகசியம் காக்கும் கடமை இதில் குறுக்கே வராது. பெயர் நீக்கம் பொதுப் பதிவேட்டில் உள்ளது. துணை நிறுவனத்தின் ஆவணங்களை, தொகுப்புக்கு வேண்டிய அளவில், பார்க்கும் உரிமை தாய் நிறுவன ஆடிட்டருக்குக் கம்பெனிகள் சட்டம் 143(1)இலேயே இருக்கிறது.

இரண்டாவது, இன்ஸ்டிடியூட்டுக்குச் சொல்வது. சக உறுப்பினரின் தவறைக் கண்டால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அட்டவணைகளில் எந்த உட்பிரிவும் இல்லை. உண்மையான தேர்வு இங்கேதான். இதில் ரகசியக் கடமையும் உண்டு. கட்சிக்காரர் வேலையின்போது தெரியவந்ததை அவர் சம்மதமின்றி வெளியே சொல்வது இரண்டாம் அட்டவணை, பகுதி ஒன்று, முதல் உட்பிரிவு. பதிவேட்டையும் யூடின் தளத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சாய ஆலையின் அறிக்கையை அவர்கள் சம்மதமின்றி இணைக்க முடியாது.

முதலாவதைத் தள்ளிப்போட இரண்டாவதைக் காரணம் காட்டுவது எளிது. "புகார் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கெடுவைத் தாண்டவிடும் நல்லவர்கள் நம் தொழிலில் உண்டு. அதுதான் இதில் மிகவும் ஆபத்தான பாதை என்று நினைக்கிறேன்.

கம்பெனிக்குள் நடந்தது

மறுநாள் மேனேஜிங் டைரக்டரைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி வருத்தமானது: "நீங்க சொல்லித்தானுங்க அவருகிட்டக் குடுத்தோம்?" திருப்பூர்க்காரர் ஆமாங்க என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை நீட்டவில்லை. செய்ய வேண்டியவற்றை எழுத்தில் கொடுத்தார்.

சாய ஆலையில் ஆடிட்டர் இடம் இடையில் காலியாகிவிட்டது. பிரிவு 139(8)இன்படி இயக்குநர் குழு 30 நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஜூன் 10இலிருந்து எண்ணினால் அது ஜூலையிலேயே முடிந்துவிட்டது. இதை மறைக்காமல், எப்போது தெரியவந்தது என்பதைத் தீர்மானத்திலேயே பதிவு செய்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிறுவனத்தை நியமித்தார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டக் கெடு செப்டம்பர் 30. சிறப்புக் காரணம் இருந்தால் கம்பெனிப் பதிவாளர் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம் என்று பிரிவு 96(1) சொல்கிறது. கெடுவுக்கு முன்பே விண்ணப்பித்தார்கள்.

வருமான வரி இன்னொரு பக்கம் அழுத்தியது. சட்டப்படியான தணிக்கை முடிந்தால்தான் வரித் தணிக்கை அறிக்கை போட முடியும். அதிலும் கையெழுத்திடுபவர் செல்லுபடியாகும் பிராக்டிஸ் சான்று வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு கெடு செப்டம்பர் 30இலிருந்து அக்டோபர் 7க்குத் தள்ளிவைக்கப்பட்டும் போதவில்லை. பிரிவு 271பி தண்டம் விற்றுமுதலில் அரை சதவீதம், உச்சவரம்பு ஒன்றரை லட்சம். 22 கோடிக்கு அரை சதவீதம் 11 லட்சம் என்றாலும் ஒன்றரை லட்சத்தோடு நிற்கும். நியாயமான காரணத்தைக் காட்டினால் பிரிவு 273பி அதையும் விலக்க இடம் தருகிறது. காரணம் இவர்கள் கோப்பில் தேதி தேதியாக இருந்தது.

புதிய ஆடிட்டருக்குக் கடினமாக இருந்தது சரக்கு இருப்பு. மார்ச் 31 அன்று சாயம், உப்பு, சோடா இருப்பை எண்ணும்போது அவர் அங்கே இல்லை. செப்டம்பர் கடைசியில் குடோனை எண்ணி, இடையில் வந்த கொள்முதலைக் கழித்து, நுகர்ந்ததைக் கூட்டி, மார்ச் 31க்குப் பின்னோக்கிப் போனார். வித்தியாசம் சொற்பம். அண்ணா போட்ட எண்கள் கிட்டத்தட்ட அப்படியே நின்றன.

கடிதம்

இன்ஸ்டிடியூட் விஷயத்தில் திருப்பூர்க்காரர் சில நாள் தடுமாறினார். தடுமாற்றத்துக்கு அண்ணா மட்டும் காரணமில்லை. பெயர் நீக்கப்பட்ட காலத்தில் நடந்த செயலுக்காக அண்ணாவை உறுப்பினர் என்ற முறையில் விசாரிக்க முடியுமா என்பதே சிக்கல். சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் பிரிவு 24, 26இன் தண்டனைக்கு நீதிமன்றம் போக வேண்டும். அதையும் பிரிவு 28இன்படி இன்ஸ்டிடியூட்டின் கவுன்சிலோ மத்திய அரசோ புகார் கொடுத்தால்தான் தொடங்க முடியும். ஆனால் யூடின் கொடுத்த நாமக்கல் இளைஞர் இப்போதும் உறுப்பினர். கவுன்சில் வழிகாட்டுதலை மீறியது இரண்டாம் அட்டவணை, பகுதி இரண்டு, முதல் உட்பிரிவு. அடி முதலில் அவருக்கே விழும். வேலை கற்றுக்கொடுத்தவர் கேட்டாரே என்று எடுத்துக் கொடுத்த பையன். திருப்பூர்க்காரர் தன்னையே அவன் இடத்தில் வைத்துப் பார்த்தார். இருபத்தாறு வயதில் இதே அண்ணா கேட்டிருந்தால் தானும் கொடுத்திருக்கலாம்.

முடிவை நகர்த்தியது அண்ணா வாயிலிருந்து வந்த "ஏழு கம்பெனி" என்ற சொல். சாய ஆலைக்கு உண்மை தெரிந்துவிட்டது. மீதி ஆறுக்குத் தெரியாது. அவற்றுக்கும் வங்கி, வரி, பதிவாளர் எல்லாம் உண்டு. திருப்பூர்க்காரர் அண்ணாவிடம் போய், அந்த ஆறு கம்பெனிகளுக்கும் நீங்களே எழுதிவிடுங்கள், அடுத்த வெள்ளிக்கிழமை நான் இன்ஸ்டிடியூட்டுக்கு எழுதப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இப்படி முன்கூட்டிச் சொல்வது தவறு என்று சிலர் வாதிடுவார்கள், தடயம் அழியும் என்பார்கள். இங்கே தடயமெல்லாம் பொதுத் தளத்திலும் இவர் கோப்பிலும் இருந்தது. அழிக்க ஒன்றுமில்லாதபோது ஒரு வாரம் கொடுத்தது சரி என்றே நான் கருதுகிறேன். ஆதாரம் அண்ணாவின் அலமாரியில் மட்டும் இருந்திருந்தால் என் பதில் வேறு.

மொட்டைக் கடிதம் போடலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். பெயரில்லாத தகவலை இன்ஸ்டிடியூட் எடுத்துக்கொள்ளாது, 2007 விசாரணை விதிகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் திருப்பூர்க்காரர் அதைச் செய்திருப்பார் என்று தோன்றவில்லை. கையெழுத்தின் பொறுப்பைப் பற்றிய கடிதத்தில் கையெழுத்து இல்லாமல் எப்படி?

கடிதம் ஒன்றரைப் பக்கம். பதிவேட்டு நிலை, உத்தரவின் தேதி, யூடினில் உள்ள உறுப்பினர் எண், தளத்தில் உள்ள ஆவணத் தேதி, அறிக்கையின் தேதி. சாய ஆலை எழுத்தில் சம்மதம் தந்ததால் அறிக்கையும் பதினேழாவது குறிப்பும் இணைப்பாகப் போயின. நோக்கம் என்னவாக இருக்கும், யார் யாரை ஏமாற்றினார் என்று ஒரு வரியும் இல்லை. வேலைத்தாள்கள் ஒழுங்காக இருந்தன என்பதையும் எழுதினார். அது அண்ணாவுக்குக் காட்டிய சலுகை அல்ல, அவர் கண்ணால் கண்டது.

அதே வாரம் நாமக்கல் இளைஞர் திருப்பூருக்கு வந்தார். தானே எழுதி ஒப்புக்கொள்வதா, நோட்டீஸ் வரும்வரை காத்திருப்பதா என்று கேட்டார். தானே எழுதச் சொன்னார் திருப்பூர்க்காரர், கூடவே வேறு எந்த அறிக்கைக்கும் இப்படி எண் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து. இரண்டு இருந்தன.

வெள்ளிக்கிழமைக்குள் அண்ணா மூன்று கம்பெனிகளுக்கு எழுதியிருந்தார். மற்ற மூன்றின் பெயர் திருப்பூர்க்காரருக்குத் தெரியாது. கடிதத்தின் கடைசிப் பத்தியில் அதையும் சேர்த்துவிட்டு, அன்று மாலையே பதிவுத் தபாலில் அனுப்பினார்.